இடிபாட்டின் ஜாதகம்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தொம்மலூர் என்னும் ஊரில், சோழர் காலத்துக் கோவில் என்று சொல்லப்படும் சொக்கப்பெருமாள் ஆலயம் ஒன்று இருக்கிறது. அதன் தமிழ்க் கல்வெட்டுகளில் இவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று, அழகியார் என்பவர் இரண்டு வாயிற்கால்களைக் கோவிலுக்குத் தானமாக அளித்த செய்தியைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. கட்டடம் முழுவதையும் அன்றி, அதன் ஓர் உறுப்பை மட்டும் தனியே ஒருவர் கொடுக்கவும், அதைத் தனியே குறித்து வைக்கவும் அக்காலத்தில் முடிந்தது. அக்காலத்துக் கற்றளிகளில் கல்லின் மேல் கல் பெரும்பாலும் சாந்தின் துணையின்றித் தன் பாரத்தினாலேயே நிற்பதால், திருப்பணி செய்ய வேண்டிய காலத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டுப் பிரித்து, பழுதானதை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மீண்டும் அதே இடத்தில் அடுக்குவது தமிழ்நாட்டுத் தச்சர்களுக்கும் ஸ்தபதிகளுக்கும் பழக்கமான காரியமே.

அந்தக் கோவிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால், முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் முன்பு ஒரு தலைமுறைக்காரர் கட்டிய தரைத்தள வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் நான்கு மாடிக் கட்டடங்கள் எழுவதைக் காணலாம். நிலத்தின் விலை வீட்டின் விலையைப் போல் பன்மடங்கு ஆகிவிட்ட நகரத்தில் இது நடக்கக்கூடாது என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் இரும்புக் கையுள்ள யந்திரம் ஒன்று காலையில் வந்து, மறுநாள் மாலைக்குள் ஒரு வீட்டைச் செங்கல்லும் சாந்தும் ஓடும் கண்ணாடியும் கம்பியும் கலந்த குவியலாக்கி, டிப்பர் லாரிகளில் ஏற்றி அனுப்பிவிடும்போது, அக்குவியலில் எது மறுபடியும் உபயோகப்படத்தக்கது, எது படாதது என்ற கேள்விக்கு விடை சொல்வது மிகவும் கடினமாகிவிடுகிறது. இந்த விடை இடிக்கும் நாளில் எழுதப்படுவதன்று என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம். அதில் பெரும்பகுதி, வீட்டைக் கட்டிய நாளிலேயே, கொத்தனார் தம் சட்டியில் குழைத்த சாந்தினால் எழுதப்பட்டுவிட்டது. ஒரு கட்டடத்துக்கு ஜாதகம் என்று ஒன்று உண்டானால் அது சாந்துதான்.

செங்கல்லைச் செங்கல்லோடு பிணைக்கும் சாந்து, இப்பிரதேசத்துப் பழைய வீடுகளில் மூன்று வகையாகக் காணப்படும். முதலாவது களிமண் சாந்து. ஒரு துண்டை நீரில் போட்டால் சிறிது நேரத்தில் கரைந்து குழம்பாகிவிடும். இரண்டாவது சுண்ணாம்புச் சாந்து. நீரில் கரையாது, ஆனால் ஆணியால் கீறினால் வெண்மையான பொடியாக உதிரும். மூன்றாவது சிமெண்டுச் சாந்து. சாம்பல் நிறமாயிருக்கும், ஆணி அதன் மேல் கோடு போடுமேயன்றி உள்ளே இறங்காது. வீட்டை இடிப்பதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் பூச்சைச் சிறிது கொத்திவிட்டு இந்தச் சிறு பரிசோதனையைச் செய்து பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில் சுவரிலுள்ள செங்கற்களின் கதி ஏறக்குறைய தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம் எளியது. சுவரைப் பிரிக்கும்போது விசை எங்கே பலவீனத்தைக் காண்கிறதோ அங்கே விரிசல் ஓடுகிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பல ஆண்டுகளாக மெதுவாக உட்கொண்டு இறுகுவது. இறுகிய பின்னும் அது செங்கல்லைவிட மிருதுவானதாகவே இருப்பதால், கடப்பாரையின் நெம்புதலில் விரிசல் சாந்தின் வழியாகவே செல்கிறது, செங்கல் முழுசாக வெளிவருகிறது. சிமெண்டுச் சாந்தின் நிலை வேறு. பெங்களூர்ச் சுற்றுப்புறத்தில் ஏரி மண்ணைக் கொண்டு பலகையில் வார்த்துச் சூளையில் சுடும் செங்கற்கள் இயல்பிலேயே சற்று மிருதுவானவை. அவற்றைவிட அவற்றை ஒட்டும் சிமெண்டுச் சாந்தே அதிக விறைப்புடையது என்பதை, இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் பல பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய சுவரைப் பெயர்க்கும்போது பிணைப்பு விடுவதற்கு முன்பே செங்கல் உடைந்துவிடுகிறது. உடையாமல் தப்பிய சிலவற்றின் மேலும் சாந்து ஒரு மேலோடு போல் ஒட்டிக்கொண்டு, அதைச் செதுக்கியெடுக்க ஆகும் கூலி புதுச் செங்கல்லின் விலையை எட்டிவிடுகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மானிய நகரங்களில் பெண்கள் வரிசையாக நின்று சிறு சுத்தியலால் தட்டிச் செங்கற்களைச் சுத்தம் செய்து அடுக்கிய காட்சியைப் புகைப்படங்களில் பலர் பார்த்திருப்பார்கள்; அந்த உழைப்பு பயனளித்ததற்கு, அச்சுவர்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பில் கட்டப்பட்டிருந்ததும் ஒரு முக்கிய காரணம்.

ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொம்மலூரில் 1200 சதுர அடி மனையில் 900 சதுர அடிக்குக் கட்டிய ஒரு தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளிச் சுவர்கள் ஒன்பது அங்குலம், உட்சுவர்கள் நாலரை அங்குலம், உயரம் பத்து அடி, மேலே ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம். கதவு ஜன்னல்களுக்கு விட்ட இடத்தைக் கழித்தால் சுவர் ஏறக்குறைய 975 கன அடி வரும். கன அடிக்குப் பன்னிரண்டு செங்கல் வீதம் சுமார் 12,000 செங்கற்கள். ஒன்று மூன்று கிலோ என்றால் 36 டன். அவற்றின் இடையிலுள்ள சாந்தும் இருபுறப் பூச்சும் சேர்ந்து 20 டன்னுக்குக் குறையாது. தளத்தின் காங்கிரீட்டு 26 டன், அதனுள் கம்பி முக்கால் டன்னுக்குச் சற்று மேல். கதவு, ஜன்னல், நிலைகள் எல்லாம் சேர்ந்து மரம் முக்கால் டன் இருந்தால் அதிகம். தரை, ஓடு, குழாய் முதலியவற்றையும் கூட்டி, அஸ்திவாரத்துச் சைஸ் கற்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்தம் 85 டன் என்று கொள்ளலாம். அதாவது பத்து டன் ஏற்றும் லாரிக்கு எட்டு ஒன்பது நடை.

வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர் இந்தப் பட்டியலை வேறு விதமாகப் படிக்கிறார். அவருக்கு லாபம் தருவது முக்கால் டன் மரமும் அதே அளவு இரும்பும்தான். ஏனைய எண்பத்து மூன்று டன்னும் அவர் கூலி கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய சுமை. ஆகையால்தான், தேக்கு நிலைகளும் கல் தூண்களும் மங்களூர் ஓடுகளும் உள்ள மிகப் பழைய வீட்டை இடிக்க அவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதும், பின்னாளில் கட்டிய காங்கிரீட்டு வீட்டை இடிக்க வீட்டுக்காரர் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருப்பதும். பொருளாதார சாஸ்திரத்தின் இந்தச் சிறு உண்மையை அறியாமல், மக்களிடம் அக்கறை இல்லை என்று குறைப்படுவதில் பிரயோஜனமில்லை. நடை கூலியை மிச்சப்படுத்துவதற்காக இரவோடிரவாக ராஜகால்வாய்களின் கரையிலும் ஏரிகளின் விளிம்பிலும் குவியல் கொட்டப்படுவது பெங்களூர்வாசிகள் நன்கு அறிந்த விஷயம். தொம்மலூர்ப் பக்கத்து மழைநீர் இறங்கும் கோரமங்கல–சல்லகட்டப் பள்ளத்தாக்கு பெல்லந்தூர் ஏரியில் சென்று முடிவதால், கால்வாயில் விழும் ஒவ்வொரு லாரிச் சரக்கும் வெள்ள நீரின் வழியை அந்த அளவுக்குக் குறுக்கிவிடுகிறது.

இந்த எண்பத்து மூன்று டன்னில் மதிப்பைக் காண வேண்டுமானால் இடிக்கும் வரிசையை மாற்ற வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரிப்பதே அதன் தத்துவம். முதலில் மின்கம்பி, குழாய், கழிப்பறைச் சாமான். பிறகு கதவு ஜன்னல்கள், நிலைகளோடு. பிறகு கூரையின் மேல் ஓடும் தட்டோடும். அதன் பின் தளம். கடைசியில் சுவர், மேலிருந்து கீழாக, வரி வரியாக. பின்கட்டில் கல்நார்ச் சிமெண்டுத் தகடு வேய்ந்திருந்தால், அதை எல்லாவற்றுக்கும் முன்பே நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கித் தனியே கட்டி வைப்பது அவசியம். உடைந்த கல்நாரின் இழை மூச்சோடு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழிந்த பின் நோயாக வெளிப்படுவது. அது ஒரு முறை செங்கற்குவியலில் கலந்துவிட்டால் அக்குவியல் முழுவதும் கெட்டது என்றே கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பில் கட்டிய சுவராயிருந்து, இவ்விதம் கையால் பிரித்தால், பன்னிரண்டாயிரத்தில் பாதியேனும் முழுச் செங்கல்லாகத் தேறும் என்று எதிர்பார்ப்பது பேராசையன்று. அந்த ஆறாயிரத்தின் மதிப்பு என்ன? ஒரு செங்கல்லைச் சுடுவதற்குச் சராசரியாக 4.25 மெகாஜூல் சக்தி செலவாகிறது என்று இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறாயிரத்துக்கு 25,500 மெகாஜூல். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு டன்னுக்கு மேல் எரித்தால் கிடைக்கும் உஷ்ணம். இதைத் தவிர, ஏரியிலோ வயலிலோ தோண்டாமல் விடப்பட்ட மண் வேறு.

ஆனால் தேறிய செங்கல் எல்லாம் நல்ல செங்கல் ஆகிவிடாது. இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற நாதம் வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் உண்டு. நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. மாதிரிக்குச் சிலவற்றை உலர்த்தி நிறுத்து, ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்கவைத்து மீண்டும் நிறுத்தால், ஏறிய எடை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது; சாதாரணத் தரச் செங்கல்லுக்கு இந்திய நியமம் விதித்திருக்கும் வரம்பு அது. மிகவும் கவனிக்க வேண்டியது உப்பு. தரையை ஒட்டிய வரிகளிலும், கழிப்பறைச் சுவர்களிலும் பல ஆண்டுகளாக ஏறிய ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் தங்கியிருக்கும். அச்செங்கல்லை எங்கே வைத்துக் கட்டினாலும் அடுத்த மழைக்காலத்தில் அது வெண்பூவாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். புகைபோக்கியை ஒட்டிய கரியேறிய செங்கற்களுக்கும் இந்தக் குற்றம் உண்டு. இவற்றை ஆரம்பத்திலேயே தனியாக ஒதுக்குபவரே அனுபவசாலி. மற்றொன்று, பழைய செங்கல்லின் முகத்தில் நுண்துளைகள் சுண்ணாம்புப் பொடியால் அடைபட்டிருப்பதால், கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாக நனைத்த பிறகே கட்ட வேண்டும். இல்லாவிடில் புதுச்சாந்து பிடிக்காது. தேய்க்கும்போது எழும் தூசியை முகமூடியின்றி நாள் முழுதும் சுவாசிக்க விடுவது, வேலை செய்பவருக்கு இழைக்கும் அநீதி.

அந்த மனையில் எழப்போகும் நான்கு மாடிக் கட்டடத்தின் பாரத்தைக் காங்கிரீட்டுத் தூண்களும் உத்திரங்களும் தாங்கும். சுவர்கள் வெறும் தடுப்புகளே. ஆகையால் பலத்தைப் பொறுத்தவரை பழைய செங்கல் அங்கே தாராளமாகப் போதும். தடையாக இருப்பது வேறு. கையால் வார்த்த பழைய செங்கற்கள் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. சீரான காங்கிரீட்டுக் கட்டிகளில் வேலை செய்து பழகிய மேஸ்திரி, வரி பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பார், பூச்சும் கனமாகும். மேலும் ஆறாயிரம் செங்கல்லை ஐந்தடி உயரம் அடுக்கினாலும் எழுபத்தைந்து சதுர அடி இடம் வேண்டும். நான்கு பக்கமும் அஸ்திவாரம் தோண்டும் சிறு மனையில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. என் அபிப்பிராயத்தில், மறு உபயோகத்துக்குத் தொழில்நுட்பத்தைவிட இந்த எழுபத்தைந்து சதுர அடியே பெரிய இடையூறு.

உடைந்த பாதிக்கும் ஒரு வழி உண்டு. அது புது வழியுமன்று. நன்கு வேகாத செங்கல்லைப் பொடியாக இடித்துச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் கிடைக்கும் சுர்க்கிச் சாந்து, நம் முன்னோர் அணைகளுக்கும் கிணறுகளுக்கும் உபயோகித்த பொருள். மிதமான வெப்பத்தில் சுட்ட களிமண்ணிலுள்ள மணற்சத்து, சுண்ணாம்போடு ரசாயனச் சேர்க்கை கொண்டு, நீருக்குள்ளும் இறுகும் தன்மையைச் சாந்துக்கு அளிக்கிறது. அதிக வெப்பத்தில் கருகிய செங்கல்லுக்கு இந்தக் குணம் குறைவு. ஆக, சுவருக்கு இரண்டாந்தரமான செங்கல்லே சுர்க்கிக்கு முதல்தரம். துண்டுகளைச் செங்கல் ஜல்லியாக உடைத்துச் சுண்ணாம்பில் கலந்து மாடியின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போடும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் மதிப்பைச் சந்தை தானே அறிந்திருக்கிறது. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூண்களும் கதவுகளும் விலையாகும் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஐம்பது ஆண்டு உலர்ந்த தேக்கு இனிச் சுருங்காது, முறுக்காது என்பதே அதன் சிறப்பு. நிலைக்கால்களின் அடிப்பாகம் மட்டும் ஈரத்தாலும் கரையானாலும் அரிக்கப்பட்டிருக்கும். குத்தூசியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் வரை அறுத்தெறிந்துவிட்டு, குட்டையான ஜன்னலுக்கு உபயோகிப்பது வழக்கம். மறைந்திருக்கும் ஒரு ஆணி அறுவை யந்திரத்தின் பல்லை முறித்துவிடும் என்பதால், காந்தம் ஓட்டிப் பார்க்காமல் எந்த மரவாடியும் பழைய மரத்தைத் தொடுவதில்லை. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், வர்ணம் பூசிய துண்டுகளை அடுப்பில் எரிப்பது தகாது.

காங்கிரீட்டுக்கோ, நொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. தாடை யந்திரத்தில் உடைத்து, காந்தத்தால் கம்பியைப் பிரித்து, சல்லடையில் அளவு வாரியாகச் சலித்தால் ஜல்லி கிடைக்கிறது. டெல்லியில் புராரி என்னுமிடத்தில் 2009இல் தொடங்கிய ஆலை இந்நாட்டில் இத்தொழிலுக்கு முன்னோடி; பெங்களூரிலும் வடக்கே சிக்கஜாலாப் பக்கம் இத்தகைய ஆலை இயங்கி வந்திருக்கிறது. நொறுக்கிய ஜல்லியின் குறை, ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சாந்து ஒட்டியிருப்பதே. கருங்கல் ஜல்லி தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூடக் கிரகிப்பதில்லை. இதுவோ பல மடங்கு கிரகிக்கும். முன்கூட்டி நனைக்காமல் கலவையில் போட்டால் சிமெண்டுக்கு வேண்டிய நீரை இது குடித்துவிடுகிறது. கலவை அரைமணியில் விறைத்துப்போகக் கண்டு, வேலையாள் மேலும் நீர் ஊற்ற, பலம் குறைகிறது. இதனால்தான் 2016இல் திருத்திய இந்திய நியமம் 383, பழைய காங்கிரீட்டின் ஜல்லியைக் கம்பி போட்ட காங்கிரீட்டில் எம்25 தரம் வரையில் நூற்றுக்கு 20 பங்கும், கம்பியில்லாததில் 25 பங்கும் சேர்க்க அனுமதித்து, மிக எளிய அடித்தளக் கலவையில் மட்டும் முழுவதுமாக உபயோகிக்க இடம் கொடுத்தது. செங்கல் கலந்த சிவப்பு ஜல்லிக்கு இந்தச் சலுகையும் இல்லை. அது எளிய கலவைக்கும், நடைபாதைக் கட்டிகளுக்கும், சாலையின் அடியிலுள்ள படுகைக்குமே போகிறது. இவற்றையெல்லாம் கெடுப்பது ஜிப்சம். அலுவலகங்களின் தொங்கு கூரைப் பலகைகளிலிருந்து சிறிது கலந்தாலும், அதன் கந்தகச் சத்து புதுச் சிமெண்டோடு சேர்ந்து உள்ளேயே பருத்து, இறுகிய காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

சட்டம் இவ்விஷயத்தில் ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் விதிகள், ஒரு நாளில் 20 டன் அல்லது மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன் உண்டாக்குபவர், காங்கிரீட்டு, மண், எஃகும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் சாந்தும் என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்றும், அதற்கு முன்கூட்டித் திட்டம் அளிக்க வேண்டும் என்றும் கூறின. நம் 85 டன் வீட்டை யந்திரம் இரண்டு நாளில் இடித்தால் நாளுக்கு நாற்பது டன்னுக்கு மேல். மூன்று வாரத்தில் கையால் பிரித்தால் நாலைந்து டன். பிரித்து வைக்கச் சொல்லும் கடமை, பிரித்தறியவே முடியாதபடி இடித்தவரின் தலையில்தான் சரியாக விழுந்தது. நியாயம்தான், ஆனால் அது நிறைவேறியதைக் காண்பது அரிதாகவே இருந்தது. 2026 ஏப்ரலில் அமலுக்கு வருமாறு 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், உற்பத்தியாளர் பொறுப்பு என்னும் கடமையை 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடங்களின் மேல் சுமத்துகின்றன. தொம்மலூரின் சிறு மனைகள் அந்த அளவின் கிட்டவும் வருவதில்லை.

இப்போது எழும் மாடிகளின் சாந்தையும் பார்த்துவிடலாம். பல கட்டடங்களில் சுவருக்குச் செங்கல்லும் இல்லை, பழைய அர்த்தத்தில் சாந்தும் இல்லை. காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கட்டிகளை, பசை கலந்த சிமெண்டினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பசை கட்டியைவிடப் பலமானது. ஆகவே இச்சுவர்கள் ஒருநாள் இடியும்போது ஒரு கட்டியும் முழுசாக வெளிவராது. நொறுங்கிய துண்டுகளோ மிக இலேசாயும், நீரை மிகவும் கிரகிப்பனவாயும் இருப்பதால் காங்கிரீட்டு ஜல்லியாக ஏற்கப்படா. இதற்கு மாறாக, சாதாரணச் சிமெண்டோடு சுண்ணாம்பைக் கலந்து, ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற பழைய கலப்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டினால் தடுப்புச் சுவருக்கு வேண்டிய பலம் குறையாது, பிரிக்கும்போது செங்கல்லும் பெரும்பாலும் பிழைக்கும். நீற்றிய சுண்ணாம்பு மூட்டைகளாகக் கடைகளில் கிடைக்கிறது. அதைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்களும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் வயதானவர்களிடையே, இந்நகரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.